தீபாவளிக்குப் பின் திரும்பி வரும் காமாட்சி விளக்குகள்

டர்பனில் பூஜைப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு ஆண்டின் மிகப் பரபரப்பான மாதம் தீபாவளி மாதம் அல்ல, அதற்கு அடுத்த மாதம். ஆகஸ்டு நடுவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் ஆகிய ஊர்களிலுள்ள சிறு கடைகளுக்குப் பித்தளைக் காமாட்சி விளக்குகளை அனுப்பிவைப்பேன். புரட்டாசி நோன்பு தொடங்கும்போது வாங்குபவர்கள் சிலர், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வாங்குபவர்கள் பலர். தீபாவளி முடிந்த மறுவாரம் விற்காத விளக்குகள் பெட்டிபெட்டியாகத் திரும்பி வரத் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்தப் பெட்டிகளைப் பற்றியது. ஒரு பெட்டி உள்ளே வந்தது முதல் அதிலுள்ள ஒவ்வொரு விளக்கும் மீண்டும் தட்டில் ஏறும்வரை, அல்லது கணக்கிலிருந்து நீங்கும்வரை, என்னென்ன செய்ய வேண்டும் என்பதை நான் இரண்டு ஆண்டுகள் தவறாகச் செய்த பிறகே கற்றுக்கொண்டேன்.

நான் கடைகளுக்குக் கொடுப்பது கன்சைன்மென்ட் முறையில். பொருள் கடையின் தட்டில் இருந்தாலும் அது என்னுடைய பொருள்தான். கடைக்காரர் ஒரு விளக்கை வாடிக்கையாளருக்கு விற்கும் கணத்தில்தான் நான் அந்த விளக்கைக் கடைக்காரருக்கு விற்றவனாகிறேன். மாத முடிவில் அவர் எத்தனை விற்றது என்று சொல்வார், அந்த எண்ணிக்கைக்கு மட்டும் நான் இன்வாய்ஸ் எழுதுவேன், அவர் பணம் கட்டுவார். விற்காததைத் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. முதலீட்டை முடக்க முடியாத சிறு கடைக்கு இது பெரிய உதவி. பொருளை மக்கள் பார்வையில் வைக்க இடம் கிடைப்பதால் எனக்கும் உதவிதான்.

முதல் ஆண்டில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு பெரிய பிழையைச் செய்தேன். பொருளை அனுப்பிய அன்றே முழு எண்ணிக்கைக்கும் இன்வாய்ஸ் போட்டு, டெலிவரி நோட்டுடன் சேர்த்து அனுப்பினேன். கடைக்காரர் விற்றபின் பணம் தரட்டும், விற்காததற்குப் பின்னால் கிரெடிட் நோட் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். தென்னாப்பிரிக்காவின் 1991ஆம் ஆண்டு வாட் என்னும் மதிப்புக்கூட்டு வரிச் சட்டத்தில், ஒரு விற்பனை எப்போது நடந்ததாகக் கொள்ளப்படும் என்பதற்கான பொது விதி எளிமையானது: இன்வாய்ஸ் எழுதப்பட்ட நாள், அல்லது பணம் வந்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவே. ஆகையால் நான் எழுதிய காகிதமே விற்பனையை உண்டாக்கிவிட்டது. சாட்ஸ்வொர்த்திலுள்ள ஒரு கடைக்கு மட்டும் 120 விளக்குகள், விளக்கு ஒன்றுக்கு வரியுடன் 230 ராண்ட். அதாவது 200 ராண்ட் விலையும் 15 விழுக்காடு வாட் 30 ராண்டும். அந்த ஒரே கடைக்கு 3,600 ராண்ட் வாட் என் கணக்கில் ஏறிவிட்டது. என்னுடைய இரண்டு மாத வரிக்காலம் ஆகஸ்டுடன் முடிவதால், செப்டம்பர் முடிவதற்குள் அதைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த நாளில் கடையிலிருந்து ஒரு விளக்குக்கும் எனக்குப் பணம் வந்திருக்கவில்லை. எல்லாக் கடைகளுக்கும் இப்படிச் செய்திருந்ததால், மக்கள் விளக்கு வாங்கத் தொடங்குவதற்கு முன்பே நான் கடன் வாங்கி வரி கட்டினேன்.

இரண்டாம் ஆண்டில் இதைத் திருத்திக்கொண்டேன். அனுப்பும்போது டெலிவரி நோட் மட்டும், விற்றபின் இன்வாய்ஸ். ஆனால் திருத்தம் பாதியில் நின்றுவிட்டது. விளக்குகள் திரும்பி வந்தபோது, முந்தைய ஆண்டின் பழக்கத்தில், எங்கள் கணக்கர் திரும்பி வந்த அத்தனைக்கும் கிரெடிட் நோட் எழுதினார். நானும் கையெழுத்திட்டேன். ஒரு கடைக்கு 34 விளக்குகள், 230 ராண்ட் வீதம் 7,820 ராண்ட். அந்த 34 விளக்குகளுக்கும் நாங்கள் இன்வாய்ஸ் எழுதியதே இல்லை. எழுதாத கடனைக் கழித்ததால் அந்தக் கடை எங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை பூச்சியத்துக்கும் கீழே போய், நாங்கள் அவருக்கு 7,820 ராண்ட் கொடுக்க வேண்டியவர்கள் என்று கணக்கு காட்டியது. அவர் நேர்மையாக, எங்கள் அறிக்கையில் இருந்ததை நம்பி, அடுத்த மாதக் கட்டணத்தில் அதைக் கழித்துக்கொண்டார். இதைவிட வருத்தமானது வரிக்கணக்கு. அந்தக் கிரெடிட் நோட்டில் இருந்த 1,020 ராண்ட் வாட் தொகையை நாங்கள் எங்கள் வரியிலிருந்து கழித்திருந்தோம். கட்டாத வரியைத் திரும்பப் பெற்றதற்கு அது சமம். கண்டுபிடித்தபின் திருத்தி, வட்டியோடு கட்டினோம்.

இந்த இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து எனக்கு ஒரே விதியைக் கற்றுக்கொடுத்தன. கிரெடிட் நோட் என்பது பொருள் திரும்பி வந்ததற்கான ரசீது அல்ல. ஏற்கெனவே எழுதிய ஓர் இன்வாய்ஸை முழுதாகவோ பகுதியாகவோ ரத்துசெய்யும் காகிதம். இன்வாய்ஸ் இல்லையென்றால் ரத்துசெய்ய எதுவும் இல்லை. விற்காமல் திரும்பி வரும் பொருளுக்குத் தேவையானது திரும்பி வந்த சரக்குக்கான ஓர் எண்ணிட்ட குறிப்பு. அதை நாங்கள் ‘திரும்பல் சீட்டு’ என்கிறோம். அதில் கடையின் பெயர், அனுப்பிய டெலிவரி நோட் எண், எண்ணிக்கை, நிலை ஆகியவை இருக்கும், பணத் தொகை இருக்காது. எனவே பெட்டி வந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘இதற்கு இன்வாய்ஸ் எழுதியிருக்கிறோமா?’ என்பதே. நல்ல நிலையில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கேள்வி கேட்பதற்கு எளிதானதுபோலத் தோன்றும். சிக்கல் என்னவென்றால், ஒரே பெட்டிக்குள் இரண்டு வகையும் கலந்து வருகின்றன. விற்காத விளக்குகளோடு, விற்று, இன்வாய்ஸும் ஆகி, பின்னர் வாடிக்கையாளர் குறை சொல்லிக் கடையில் திருப்பிக் கொடுத்த விளக்குகளும் சேர்ந்திருக்கும். கடைக்காரருக்கு இரண்டும் ‘திருப்பி அனுப்ப வேண்டியவை’ என்ற ஒரே கூடைதான். பிரித்தறிய வேண்டியவர் நான்.

மூன்றாம் ஆண்டில் மேலே சொன்ன சாட்ஸ்வொர்த் கடையில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லா வகையும் இருந்தன. ஆகஸ்டில் 120 விளக்குகள் அனுப்பினேன். செப்டம்பர் அறிக்கையில் 22 விற்றதாகவும், அக்டோபர் அறிக்கையில் 57 விற்றதாகவும் அந்தக் கடையை நடத்தும் அக்கா சொன்னார். ஆக 79 விளக்குகளுக்கு இன்வாய்ஸ் எழுதப்பட்டது. மீதம் 41 இருக்க வேண்டும். நவம்பரில் பெட்டிகள் வந்தன. எங்கள் ஓட்டுநர் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு மட்டுமே கையெழுத்திடுவார். உள்ளே இருப்பதை நாங்கள் எங்கள் இடத்தில் மூன்று வேலை நாட்களுக்குள் எண்ணி, படம் எடுத்து, கடைக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்களுக்கும் கடைகளுக்கும் உள்ள ஏற்பாடு. கடையில் நின்று அவசரமாக எண்ணி இருவரும் கையெழுத்திடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். மாலையில் வாடிக்கையாளர்களுக்கு நடுவே எண்ணும் எண்ணிக்கை எப்போதும் பிழையாகவே வந்தது.

அக்கா தொலைபேசியில், “தம்பி, மொத்தம் முப்பத்தாறு வெச்சிருக்கேன். எண்ணிப் பாத்துட்டுச் சொல்லு” என்றார். எண்ணினோம், 36 இருந்தன. 41 வர வேண்டிய இடத்தில் 36. ஐந்து குறைவு. கடையில் காட்சிக்காக மூன்று விளக்குகளைத் தைப்பூசம் வரை வைத்துக்கொள்கிறேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், ஆகவே அவை போக இரண்டு காணவில்லை. இரண்டு விளக்குக்கு இன்வாய்ஸ் போட்டுவிட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். அக்காவும் அதற்குச் சம்மதித்தார்.

முடிக்காமல் விட்டதற்குக் காரணம், பெட்டியில் இருந்த இரண்டு விளக்குகளின் அடியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்ததுதான். விற்காத விளக்கில் எண்ணெய் இருக்கக் கூடாது. மறுபடியும் கேட்டபோது அவர் நினைவுபடுத்திக்கொண்டார். அக்டோபரில் ஒரு வாடிக்கையாளர், விளக்கிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று கொண்டுவந்திருக்கிறார். இன்னொருவர் திரி வைக்கும் மூக்கில் விரிசல் என்று கொண்டுவந்திருக்கிறார். இருவருக்கும் கடையே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்குகளைப் பெட்டியில் போட்டுவிட்டது. இவை அக்டோபரில் விற்ற 57இல் அடங்கியவை, இன்வாய்ஸ் ஆனவை. ஆகவே பெட்டியிலிருந்த 36இல் உண்மையாக விற்காதவை 34தான். 41லிருந்து 34 போக ஏழு. காட்சிக்கு மூன்று போக நான்கு காணவில்லை. பழைய ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தபோது, தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை கூட்டம் நெரிந்த நேரத்தில் உதவிக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் விற்ற நான்கு விளக்குகள் அறிக்கையில் ஏறாமல் இருந்ததைக் கண்டார்.

இப்போது பணத்தைப் பாருங்கள். முதல் கணக்கில் இரண்டு விளக்குக்கு இன்வாய்ஸ். சரியான கணக்கில் நான்கு விளக்குக்கு இன்வாய்ஸ், இரண்டு விளக்குக்குக் கிரெடிட் நோட். நிகரத் தொகை அதே இரண்டு விளக்கின் விலை, 460 ராண்ட். இந்த இரண்டு வழிகளும் ஒரே தொகையில் வந்து நின்றதால்தான் இந்தப் பிழை வெளியே தெரிவதில்லை. கடைக்காரருக்கும் நட்டமில்லை, எனக்கும் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் முதல் கணக்கில் முடித்திருந்தால் கசியும் ஒரு விளக்கும் விரிசல் விட்ட ஒரு விளக்கும் ‘விற்காத நல்ல விளக்குகள்’ என்ற பெயரில் என் தட்டில் ஏறியிருக்கும். அடுத்த ஆண்டு வேறொரு கடைக்குப் போய், அங்கேயும் ஒரு வீட்டின் பூஜை அறையில் எண்ணெய் கசிந்து, பிறகு மறுபடியும் எனக்கே வந்திருக்கும். குறையுள்ள விளக்குகள் எத்தனை என்ற கணக்கும் என்னிடம் பூச்சியமாகவே இருந்திருக்கும். விளக்கு வார்த்த பட்டறையிடம் சொல்லி மாற்றுப் பெறுவதற்கு என் கையில் ஆதாரம் எதுவும் இருந்திருக்காது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிறு கணக்கு ஓடவிடுகிறேன். எண்ணிக்கையில்தான், பணத்தில் அல்ல. அனுப்பியது, அதிலிருந்து இன்வாய்ஸ் ஆனது, விற்காமல் திரும்பியது, எஞ்சியிருக்க வேண்டியது என நான்கே பத்திகள். வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த குறைப் பொருளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது ஏற்கெனவே விற்றுவிட்ட பொருள், அதன் வழி வேறு. நாங்கள் ஒவ்வொரு விளக்கின் அடிப்பாகத்திலும் டெலிவரி நோட் எண் எழுதிய சிறிய ஒட்டுச்சீட்டை ஒட்டுகிறோம். ஒரே அச்சில் வார்த்த விளக்குகளைக் கடைகள் வேறு வியாபாரிகளிடமிருந்தும் வாங்குகின்றன. சீட்டு இல்லாத விளக்கு பெட்டியில் இருந்தால் அது என்னுடையதா என்று கேட்கும் உரிமை எனக்குக் கிடைக்கிறது. இரண்டு முறை கேட்டு, அது என்னுடையது அல்ல என்று தெரிந்து, மரியாதையோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த இரண்டு குறை விளக்குகளுக்குக் கிரெடிட் நோட் எழுத வேண்டிய கட்டம் வந்தது. இங்கேயும் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. நவம்பர் முதல் நாளில் நான் விளக்கின் விலையை 253 ராண்டாக உயர்த்தியிருந்தேன். கணக்கு மென்பொருள் புதிய கிரெடிட் நோட்டைத் திறந்ததும் பொருள் பட்டியலில் இருந்த அன்றைய விலையை எடுத்துக்கொண்டது. 506 ராண்ட் என்று காட்டியது. அந்த விளக்குகளுக்கு எழுதிய இன்வாய்ஸ் அக்டோபர் மாதத்தது, விலை 230. ரத்துசெய்வது எந்த இன்வாய்ஸையோ அதன் விலையில்தான் ரத்துசெய்ய வேண்டும். ஆகவே 460 ராண்ட், அதில் வாட் 60 ராண்ட். வரியுடன் சேர்ந்த தொகையை 115ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வரி வரும். மென்பொருளில் கிரெடிட் நோட்டைத் தனியாகத் தொடங்காமல், பழைய இன்வாய்ஸைத் திறந்து அதிலிருந்து தொடங்கினால் இந்தப் பிழை நேராது. அந்த இன்வாய்ஸின் விலையும் எண்ணும் தானாக வந்து சேரும்.

வாட் சட்டத்தின் 21ஆம் பிரிவு அந்தக் காகிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. தலைப்பில் கிரெடிட் நோட் என்ற சொல், எழுதியவரின் பெயரும் முகவரியும் வாட் பதிவு எண்ணும், பெறுபவரின் பெயரும் விவரமும், தேதி, குறைக்கப்படும் தொகையும் அதற்கான வரியும், எழுதியதற்கான காரணம், எந்த விற்பனையைக் குறிக்கிறது என்று அடையாளம் காட்டும் விவரம். காரணம் என்ற இடத்தில் ‘திரும்பியது’ என்று மட்டும் எழுதாமல், ‘வாடிக்கையாளர் திருப்பியது, அடிப்பாக இணைப்பில் கசிவு, ஒரு விளக்கு, திரி மூக்கில் விரிசல், ஒரு விளக்கு’ என்று எழுதுகிறேன். இந்த ஒரு வரி பின்னாளில் வரித்துறைக்கு மட்டுமல்ல, பட்டறைக்காரரிடம் பேசும்போதும் உதவியது. கடைக்காரர் வாட் பதிவு செய்தவராக இருந்தால், அவர் முன்பு கழித்துக்கொண்ட 60 ராண்டை இப்போது தன் வரியில் திருப்பிச் சேர்க்க வேண்டும். அதனால் கிரெடிட் நோட்டை அவர் கையில் சேர்ப்பது எங்கள் கடமை, கோப்பில் வைத்துக்கொண்டால் போதாது.

பழைய இன்வாய்ஸை அழித்துவிட்டுக் குறைந்த எண்ணிக்கையில் புதிதாக ஒன்று எழுதித் தரும்படி சில கடைக்காரர்கள் கேட்பார்கள். அது அவர்களுக்குப் படிக்க எளிதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே விற்பனைக்கு வரி இன்வாய்ஸை இரண்டு முறை எழுதக் கூடாது என்பது சட்டம். பிரதி வேண்டுமானால் பிரதி என்று குறித்துத் தரலாம். ஆகவே பழையதை அப்படியே விட்டு, அதோடு கிரெடிட் நோட்டைச் சேர்த்துக் கொடுக்கிறேன். அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்படி அச்சிட்டால் அவர்களுக்கும் புரிந்துவிடுகிறது.

எழுதப்படாமல் விட்ட நான்கு விளக்குகளுக்கான இன்வாய்ஸ் 920 ராண்ட். அதைக் கிரெடிட் நோட்டோடு சேர்த்து நிகரமாக 460 என்று ஒரே காகிதத்தில் எழுதவில்லை. இரண்டும் வேறு வேறு நிகழ்வுகள்.

இனி விளக்குகளைத் தட்டில் ஏற்றும் வேலை. இதைப் பற்றிப் பேசும்போது கணக்கைவிட எனக்கு அதிக ஆர்வம் வருகிறது, ஏனென்றால் பித்தளை பேசும். திரும்பி வந்த சரக்கு நேராகத் தட்டுக்குப் போவதில்லை; ‘சோதனை’ என்று எழுதிய தனி அலமாரியில் இருக்கும், அங்கிருக்கும்வரை மென்பொருளிலும் அது விற்கத்தக்க இருப்பாகக் காட்டாது. இப்படிச் செய்யாத காலத்தில், எண்ணி முடிக்காத பெட்டியிலிருந்தே ஒரு பணியாளர் புதிய ஆர்டருக்கு விளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

டர்பனின் கடற்காற்றும் ஈரமும் பித்தளைக்கு எதிரி. மூன்று மாதம் கடைத் தட்டில் நின்ற விளக்கில் விரல் தடங்கள் கருமையாகப் பதிந்திருக்கும். தொட்டுத் தொட்டுப் பார்த்த முகப்பு விளக்குகளில் இது அதிகம். சீரான மங்கல் ஒரு குறையே அல்ல. புளியைக் கரைத்துத் தேய்த்து, உடனே தண்ணீரில் கழுவி, துணியால் முழுதாக ஈரம் போகத் துடைத்தால் பழைய பளபளப்பு வந்துவிடும். புளியையோ எலுமிச்சையையோ ஊறவிட்டுப் போய்விட்டால் மேற்பரப்பு இளஞ்சிவப்பாக மாறும். அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை வெளியே காட்டிவிடுகிறது. அது மங்கலைவிட மோசம். மேலே பூச்சு அடித்த விளக்குகளுக்குப் புளி கூடாது. பூச்சு திட்டுத்திட்டாக உரிந்துவிடும். அவற்றை மென்மையான துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பச்சை நிறத்தில் குழிந்த புள்ளிகள் இருந்தால் தேய்த்தாலும் அடையாளம் நிற்கும்.

அடுத்தது விளக்கு ஏற்றப்பட்டதா என்பது. நம் வீடுகளில் காமாட்சி விளக்கைப் புதிதாக வாங்கி முதல் முறை ஏற்றுவதற்கு ஒரு பொருள் உண்டு. பிறர் ஏற்றியதைப் புதியது என்று சொல்லி விற்பதை நான் செய்ய மாட்டேன். வெள்ளைப் பஞ்சைத் திரி மூக்கில் தடவிப் பார்ப்போம். கரி ஒட்டினால், அல்லது எண்ணெய் வாடை வந்தால், அது ஏற்றியது. சில கடைகளில் தீபாவளி மாலை கடைப் பூஜைக்குத் தட்டிலிருந்தே ஒரு விளக்கை எடுத்து ஏற்றிவிடுவார்கள். கடையில் ஏற்றிய விளக்கு விற்ற விளக்கு என்று எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். முதல் முறை இதைச் சொன்னபோது ஒரு கடைக்காரர் வருந்தினார். பஞ்சைக் காட்டியபின் ஏற்றுக்கொண்டார்.

கசிவுச் சோதனை எல்லா விளக்குகளுக்கும் உண்டு, விற்காதவற்றுக்கும்கூட. குழியில் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த மெல்லிய தாளின் மேல் இருபது நிமிடம் வைப்போம். தாளில் ஈர வளையம் தெரிந்தால் இணைப்பில் ஓட்டை. சோதனை முடிந்ததும் நன்றாகத் துடைத்து உலர்த்தாவிட்டால் நாமே புள்ளிகளை உண்டாக்கிவிடுவோம்.

அந்த 34 விளக்குகளில் 28 அப்படியே நன்றாக இருந்தன. 6 மங்கலாக இருந்தன. 4 புளியில் தெளிந்தன, 2இல் பச்சைப் புள்ளிகள் நின்றுவிட்டன. ஆக 32 விளக்குகள் முழு விலைத் தட்டுக்குத் திரும்பின. அவற்றைக் கணக்கில் சேர்க்கும்போது ‘கொள்முதல்’ என்று எழுதக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவை ஒருபோதும் என் சொத்திலிருந்து வெளியேறவே இல்லை. சாட்ஸ்வொர்த் என்ற இடத்திலிருந்து என் கிடங்கு என்ற இடத்துக்கு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். மென்பொருளில் ஒவ்வொரு கடையையும் ஓர் இருப்பிடமாக வைத்திருந்தால் இது ஒரே ஓர் இடமாற்றப் பதிவு. அடக்க விலையும் பழையதே, எனக்கு விழுந்த 118 ராண்ட். பல நாடுகள் பின்பற்றும் கணக்கியல் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15கூட, கன்சைன்மென்டில் பொருள் கடைக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும் வைத்து வருமானமாகக் காட்டக் கூடாது என்றே சொல்கிறது.

புள்ளி விழுந்த இரண்டையும் 115 ராண்டுக்கு, குறையைச் சொல்லியே, விற்க முடிவு செய்தேன். வரி போக எனக்கு வருவது 100 ராண்ட். அடக்கமோ 118. ஆகவே விற்பதற்கு முன்பே, அந்த இரண்டின் மதிப்பை இருப்புக் கணக்கில் தலா 18 ராண்ட் குறைத்துவிட்டேன். அடக்கத்துக்கும் கிடைக்கக்கூடிய தொகைக்கும் இடையில் எது குறைவோ அதில்தான் இருப்பு நிற்க வேண்டும். கசிந்த விளக்கையும் விரிசல் விளக்கையும் முழுதாக நீக்கி, பட்டறைக்குப் படம் அனுப்பியபின் எடைக்குப் போட்டேன்.

விளக்கைப் பற்றி இவ்வளவு சொன்ன நான் சூடத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் பொருளையும் இந்த முறையில் கொடுக்கக் கூடாது என்பதை அதுதான் காட்டியது. சூடம் திறந்து வைத்தால் உருகாமலே காற்றில் போய்விடும் பொருள். உறை சரியாக ஒட்டாத பொட்டலங்கள், 100 கிராம் என்று அச்சிட்டவை, திரும்பி வந்தபோது நிறுத்துப் பார்த்தால் தொண்ணூறு சொச்சமே இருந்தன. அச்சிட்ட எடைக்குக் குறைவாக விற்பது 2014ஆம் ஆண்டு அளவைச் சட்டத்துக்கு விரோதம். மறுபடி பொதிய ஆகும் செலவோ பொருளின் விலையைத் தாண்டும். அது போதாதென்று, அதே பெட்டியில் வந்த ஊதுபத்திகளில் சூட வாடை ஏறி அவையும் வீணாயின. இப்போது சூடத்தையும் ஊதுபத்தியையும் கடைகளுக்கு நேர் விற்பனையாகச் சிறு அளவில்தான் கொடுக்கிறேன், திருப்பி எடுப்பதில்லை. விளக்கு, தாம்பாளம், மணி போன்ற, காலம் தின்னாத பொருட்களுக்கு மட்டுமே கன்சைன்மென்ட்.

திரும்பப் பெறும் காலத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறேன்: தீபாவளிக்குப் பின் 21 நாட்கள். அதற்குள் கடைக்காரர் எண்ணிக்கையைச் செய்தியாக அனுப்ப வேண்டும், நாங்கள் போய் எடுத்துவருவோம். அதற்கு மேல் வைத்திருக்க விரும்பினால் எத்தனை, எதுவரை என்று எழுதித் தர வேண்டும். கடுமையாக நடந்துகொள்வதற்காக இதை வைக்கவில்லை. எங்கள் கணக்காண்டு பிப்ரவரியில் முடிகிறது. அன்று கடைகளில் நிற்கும் ஒவ்வொரு விளக்கும் என் இருப்பு. எங்கே எத்தனை நிற்கின்றன என்று தெரியாமல் என்னால் ஆண்டுக் கணக்கை முடிக்க முடியாது.

அந்த மூன்று காட்சி விளக்குகளையும் அக்கா தைப்பூசம் முடியும்வரை வைத்திருந்தார். காவடிக் காலத்தில் இரண்டு விற்றன. ஆகஸ்டு டெலிவரி நோட்டில் இருந்த 230 ராண்ட் விலையிலேயே இன்வாய்ஸ் எழுதினேன். ஒன்றைப் பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு ஒரு திரும்பல் சீட்டு எழுதினேன். கடையின் கணக்கில் எஞ்சியிருக்க வேண்டியது என்ற பத்தி பூச்சியத்துக்கு வந்தது. விற்று நின்றவை 83, விற்காமல் திரும்பியவை 35, குறையால் திரும்பியவை 2. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று எண்களையும் தானே கூட்டிப் பார்த்து, “நூத்தி இருவது, சரியா இருக்கு தம்பி” என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.